ஸுக்ஸ்வாங், ஃபியாங்கெட்டோ: செஸ்ஸில் ஜெர்மனும் இத்தாலியனும்

கேள்வி: செஸ் வகுப்பில் சார் ஸுக்ஸ்வாங், ஃபியான்செட்டோ, லுஃப்ட் என்று ஏதேதோ சொல்கிறார். இதெல்லாம் எந்த மொழி? நேரடி அர்த்தம் என்ன? அர்த்தம் தெரிந்தால் ஆட்டம் புரியுமா, இல்லை வெறும் பந்தாவா?

பதில்: ஸுக்ஸ்வாங்கும் லுஃப்ட்டும் ஜெர்மன். ஃபியாங்கெட்டோ இத்தாலியன். பந்தாவுக்காகச் சொல்பவர்கள் உண்டுதான். ஆனால் இவற்றில் சில சொற்களுக்கு நேரடி அர்த்தம் தெரிந்தாலே பாதிப் பாடம் முடிந்த மாதிரி. எல்லாவற்றையும் அகராதி போல அடுக்காமல் ஒரே ஒரு ஆட்டத்தை வைத்துச் சொல்கிறேன். 1923-ல் கோபன்ஹேகனில் ஸேமிஷும் நிம்ஸோவிச்சும் ஆடியது. நீங்கள் கேட்ட மூன்று சொற்களும் அந்த ஒரு ஆட்டத்துக்குள் வந்துவிடும்.

முதலில் ஸுக்ஸ்வாங். ஜெர்மன்காரர்கள் இதை ஏறக்குறைய 'ட்ஸூக்-ட்ஸ்வாங்' என்பார்கள். நம் வாய்க்கு அது சிரமம் என்பதால் ஸுக்ஸ்வாங் என்றே வைத்துக்கொள்வோம். இது இரண்டு சொற்கள் ஒட்டியது. ஸுக் என்றால் ஒரு நகர்த்தல். 'இழு' என்ற வினையிலிருந்து வந்த சொல் அது. காயை இழுத்து வைப்பதும் ஸுக்தான், ஜெர்மனியில் தண்டவாளத்தில் ஓடும் ரயிலும் ஸுக்தான். ஸ்வாங் என்றால் கட்டாயம், நிர்ப்பந்தம். சேர்த்தால் 'நகர்த்தியே ஆக வேண்டிய நிர்ப்பந்தம்'.

இங்கேதான் பலருக்குக் குழப்பம். செஸ்ஸில் எப்போதுமே நகர்த்தித்தானே ஆக வேண்டும், 'பாஸ்' சொல்ல முடியாதே, அப்படியானால் ஒவ்வொரு முறையும் ஸுக்ஸ்வாங் தானே? இல்லை. அந்தப் பொது விதிக்கு ஜெர்மனில் தனிச் சொல் இருக்கிறது: ஸுக்ஃப்ளிக்ட், அதாவது நகர்த்தும் கடமை. கடமை எல்லா நேரமும் இருக்கும். அந்தக் கடமையே உங்கள் கழுத்தைப் பிடிக்கும்போதுதான் அது ஸுக்ஸ்வாங். சும்மா இருந்தால் பிழைத்துவிடுவீர்கள், ஆனால் சும்மா இருக்க அனுமதி இல்லை.

ஒரு சின்ன நிலையைப் பலகையில் வைத்துப் பாருங்கள். வெள்ளை ராஜா d6-ல், வெள்ளைச் சிப்பாய் e7-ல், கறுப்பு ராஜா e8-ல். வேறு காய் எதுவும் இல்லை.

கறுப்பு நகர்த்த வேண்டிய முறை என்று வைப்போம். d8, f8 இரண்டையும் e7 சிப்பாய் அடிக்கிறது. d7 பக்கம் வெள்ளை ராஜா நிற்கிறார். சிப்பாயையும் அடிக்க முடியாது, ராஜாவின் பாதுகாப்பு இருக்கிறது. மிச்சம் f7 ஒன்றுதான். கறுப்பு ராஜா f7-க்குப் போனதும் வெள்ளை ராஜா d7-க்கு வருவார். அடுத்த நகர்த்தலில் சிப்பாய் e8-ல் ராணியாகிவிடும். ஆட்டம் வெள்ளைக்கு.

இப்போது அதே நிலை, ஆனால் வெள்ளை நகர்த்த வேண்டிய முறை. சிப்பாய் நகர முடியாது, எதிரே ராஜா மறித்து நிற்கிறார். வெள்ளை ராஜா சிப்பாயைவிட்டு விலகினால் கறுப்பு அதை அடித்துவிடும். விலகாமல் காப்பாற்ற ஒரே வழி e6-க்கு வருவது. வந்தால் கறுப்பு ராஜாவுக்குப் போக இடமே இல்லை, ஆனால் செக்கும் இல்லை. ஸ்டேல்மேட், ஆட்டம் டிரா.

ஒரு காய்கூட இடம் மாறவில்லை, யார் முறை என்பது மட்டும் மாறியது. கறுப்புக்கு முறை வந்தால் கறுப்பு தோற்கிறது. வெள்ளைக்கு முறை வந்தால் வெள்ளை கையிலிருந்த வெற்றியை இழக்கிறது. இருவருமே "நீ முதலில் போ" என்று காத்திருக்கும் இப்படிப்பட்ட நிலையைப் பரஸ்பர ஸுக்ஸ்வாங் என்பார்கள். எண்ட்கேம் என்றாலே கோச்சுகள் இந்தச் சொல்லை விடாமல் சொல்வதற்குக் காரணமும் இதுதான். காய்கள் குறையக் குறைய, சும்மா ஆடிவிட்டுப் போக உபரி நகர்த்தல்கள் இருக்காது.

ஸ்டேல்மேட்டையும் இதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். நகர்த்த வழியே இல்லையென்றால் ஸ்டேல்மேட், தப்பித்தீர்கள். வழி இருந்து, அத்தனை வழியும் கெட்டதாக இருந்தால் ஸுக்ஸ்வாங்.

சரி, கோபன்ஹேகனுக்குப் போவோம். வெள்ளையில் ஃப்ரீட்ரிக் ஸேமிஷ், ஜெர்மன்காரர். கறுப்பில் ரீகாவில் பிறந்த ஆரோன் நிம்ஸோவிச். ஆட்டம் இப்படித் தொடங்குகிறது:

```
1.d4 Nf6 2.c4 e6 3.Nf3 b6 4.g3 Bb7 5.Bg2
```

கறுப்பு b சிப்பாயை ஒரு கட்டம் தள்ளி, பிஷப்பை b7-ல் வைத்தது. வெள்ளை g சிப்பாயை ஒரு கட்டம் தள்ளி, பிஷப்பை g2-ல் வைத்தது. இரண்டுமே ஃபியாங்கெட்டோ. இத்தாலியனில் ஃபியாங்கோ என்றால் விலாப்பக்கம், பக்கவாட்டு. எட்டோ என்பது சின்னதாக்கும் விகுதி. ஆகவே ஃபியாங்கெட்டோ என்றால் 'சின்னப் பக்கவாட்டு'. நடுவில் முட்டி மோதாமல், பிஷப்பை ஓரமாக உட்காரவைத்து, பலகையின் மூலைவிட்டம் முழுவதையும் அங்கிருந்தே பார்க்க வைக்கும் ஏற்பாடு.

உச்சரிப்பையும் சொல்லிவிடுகிறேன். இத்தாலியனில் அந்த இடத்தில் வரும் எழுத்துகளுக்கு 'க' ஒலிதான், 'ச' இல்லை. உலகம் முழுக்கப் பாதிப்பேர் ஃபியான்செட்டோ என்றுதான் சொல்கிறார்கள். உங்கள் சாரும் அப்படியே சொன்னால் திருத்தப் போகாதீர்கள், வகுப்பில் இருக்க வேண்டும் அல்லவா.

இந்த ஆட்டத்தில் கவனிக்க வேண்டியது, இரண்டு பிஷப்பும் ஒரே மூலைவிட்டத்தில் எதிரெதிரே உட்கார்ந்திருக்கின்றன. a8-லிருந்து h1 வரை போகும் கோடு அது. ஏழாவது நகர்த்தலில் கறுப்பு d5-ல் சிப்பாயை வைத்ததும் அந்தக் கோடு நடுவில் அடைபட்டுவிட்டது. ஃபியாங்கெட்டோவின் பலவீனமே இதுதான். பிஷப் பலமாக இருப்பது கோடு திறந்திருக்கும்வரை மட்டுமே. நடுவில் சிப்பாய் அசையாமல் நின்றுவிட்டால் அதுவும் கிட்டத்தட்ட ஒரு சிப்பாய்தான். அதோடு g3, b6 மாதிரி நகர்த்திய சிப்பாய்க்குப் பக்கத்துக் கட்டங்களைக் காப்பதும் அந்த பிஷப்தான். அதைக் கொடுத்துவிட்டால் ராஜாவைச் சுற்றி ஓட்டை விழும்.

நிம்ஸோவிச் தன் பிஷப்பை அங்கேயே விட்டுவைக்கவில்லை. 13-வது நகர்த்தலில் அது c6-ல் ஒரு குதிரையை அடித்தது. 18-ல் b5-க்கு வந்தது. 24-ல் வெள்ளையின் வீட்டுக்குள்ளேயே, d3-ல் போய் உட்கார்ந்துகொண்டது. வெள்ளையின் பிஷப்போ ஐந்தாவது நகர்த்தலில் g2-க்கு வந்ததுதான், கடைசிவரை அங்கிருந்து அசையவே இல்லை. இந்த ஆட்டத்தின் கதையை ஒரே வரியில் சொல்லச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன்.

நடுவில் ஒரு குதிரை பலி. 20-வது நகர்த்தலில் ஸேமிஷ் e4 என்று சிப்பாயைத் தள்ள, அவருடைய ராணிக்கு வழி திறந்து h5-ல் இருந்த கறுப்புக் குதிரை தாக்குதலுக்கு உள்ளானது. நிம்ஸோவிச் குதிரையைக் காப்பாற்ற மெனக்கெடவில்லை:

```
20.e4 fxe4 21.Qxh5 Rxf2 22.Qg5 Raf8 23.Kh1 R8f5 24.Qe3 Bd3 25.Rce1 h6
```

குதிரைக்குப் பதிலாக இரண்டு சிப்பாயும், திறந்த f வரிசையும், வெள்ளையின் இரண்டாம் வரிசையில் ஒரு யானையும் கிடைத்தன. 25-வது நகர்த்தலில் கறுப்பு h6 என்று ஒரு சாதுவான சிப்பாயைத் தள்ளியது. செக் இல்லை, எதையும் அடிக்கவும் இல்லை. ஸேமிஷ் அதோடு ஆட்டத்தை ஒப்புக்கொடுத்துவிட்டார். அப்போது பலகையில் அவரிடம்தான் ஒரு காய் அதிகம்!

ஏன் என்று ஒவ்வொன்றாக நகர்த்திப் பாருங்கள். வெள்ளை ராஜா h1, ராணி e3, யானைகள் e1, g1, பிஷப்புகள் d2, g2, குதிரை b1. கறுப்பு யானைகள் f2, f5, பிஷப்புகள் d3, d6. e1 யானை e வரிசையைவிட்டு c1-க்கோ d1-க்கோ போனால், கறுப்பு யானை e2-க்கு வந்து ராணியைப் பிடித்துக்கொள்ளும், அதற்கு ஓட இடமில்லை. d2 பிஷப் c1-க்குப் போனால் b1 குதிரைக்கு யானையின் பாதுகாப்பு மறைந்துவிடும், கறுப்பு அதை அடிக்கும். குதிரை c3-க்கு வந்தால் b4 சிப்பாய் அடிக்கும். g2 பிஷப் f1-க்குப் போனால் d3 பிஷப் அடிக்கும். ராஜா h2-க்கு வந்தால் g2 பிஷப் கட்டுண்டுவிடும், நகர முடியாது. உடனே கறுப்பு யானை f5-லிருந்து f3-க்கு வந்து ராணியைத் தூக்கும். g4 என்று சிப்பாயைத் தள்ளினால் அதே f3-க்கு யானை வரும். அதை பிஷப் அடித்தால், இன்னொரு யானை h2-ல் வந்து செக்மேட், d6 பிஷப் பின்னாலிருந்து அதைக் காக்கிறது. ராணி தானே எங்காவது போகலாமே என்றால், அது போகக்கூடிய கட்டம் ஒவ்வொன்றையும் ஏதோ ஒரு கறுப்புக் காய் பார்த்துக்கொண்டிருக்கிறது. g5-ஐப் பார்ப்பது அந்தச் சாதுவான h6 சிப்பாய்தான்.

ஓரச் சிப்பாய்களில் சில வெற்று நகர்த்தல்கள் மிச்சம் இருந்தன. அவை தீர்ந்ததும் மேலே சொன்னவற்றில் ஒன்றைச் செய்துதான் ஆக வேண்டும். பலகை நிறையக் காய்கள் இருக்கும்போதே ஸுக்ஸ்வாங் வருவது அபூர்வம் என்பதால் இதற்கு 'அழியாத ஸுக்ஸ்வாங் ஆட்டம்' என்று பெயரே விழுந்துவிட்டது.

இப்போது ஒரு சண்டை. இது உண்மையான ஸுக்ஸ்வாங்தானா என்று கேட்பவர்கள் உண்டு. அதைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது, எந்த நிலைக்கும் பொருந்தும். வெள்ளைக்கு 'பாஸ்' சொல்ல அனுமதி கொடுத்துப் பாருங்கள். பிழைத்துக்கொண்டால் ஸுக்ஸ்வாங். அப்போதும் தோற்றால், அது சாதாரணமாகவே தோற்ற நிலை. முதலில் பார்த்த ராஜா, சிப்பாய் நிலையில் கறுப்பு 'பாஸ்' சொல்ல முடிந்தால் பிழைத்துவிடும், அது சுத்தமான ஸுக்ஸ்வாங். கோபன்ஹேகன் நிலையில் வெள்ளை 'பாஸ்' சொன்னால்கூட, கறுப்பு யானை f3-க்கு வந்து, அதை பிஷப் அடித்ததும் இன்னொரு யானை திருப்பி அடித்தால், ராணி சிக்கிக்கொள்கிறது. இரண்டு யானைக்கு ராணியும் பிஷப்பும் போய்விடும். கொஞ்சம் மெதுவாகத் தோற்கும், அவ்வளவுதான். ஆகவே கறாராகப் பார்த்தால் இது ஸுக்ஸ்வாங் இல்லை என்பவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. என் கணக்கில் அவர்கள் சொல்வது சரி. ஆனாலும் அந்த h6-ஐப் பார்க்கும் சுகம் அதனால் குறைவதில்லை. கமெண்டரியில் தோற்கிற எல்லா நிலைக்கும் ஸுக்ஸ்வாங் என்று சொல்வதைக் கேட்டால் மட்டும் இந்தச் சோதனையைப் போட்டுப் பாருங்கள்.

நீங்கள் கேட்ட மூன்றாவது சொல் லுஃப்ட். ஜெர்மனில் காற்று, அவ்வளவுதான். கேஸ்லிங் செய்தபிறகு ராஜாவுக்கு முன்னால் மூன்று சிப்பாய்கள் சுவர் போல நிற்கும். எதிராளியின் யானை கடைசி வரிசைக்கு வந்து செக் கொடுத்தால், தன் சிப்பாய்களே தப்பிக்கும் வழியை அடைத்துக்கொண்டிருப்பதால் செக்மேட். அதைத் தடுக்க h சிப்பாயை ஒரு கட்டம் தள்ளி ஒரு ஜன்னல் திறப்பார்கள். ராஜாவுக்குக் காற்று விடுவது அதுதான். ஸேமிஷ் இந்த ஆட்டத்தில் 14-வது நகர்த்தலிலேயே h3 ஆடியிருந்தார், கடைசி நிலையிலும் h2 கட்டம் காலியாகத்தான் இருந்தது. ஆனால் அங்கே போனால் g2 பிஷப் கட்டுண்டு ராணி போகும் என்று மேலே பார்த்தோம். லுஃப்ட் வைத்தாகிவிட்டது என்று நிம்மதியாக இருப்பவர்கள் அந்தக் கட்டம் உண்மையிலேயே உதவுமா என்று அவ்வப்போது பார்த்துக்கொள்வது நல்லது. கறுப்பின் h6-ம் பார்வைக்கு அதே லுஃப்ட் நகர்த்தல்தான், ஆனால் இங்கே அது காற்றுக்காக இல்லை. முறையை எதிராளியிடம் தள்ளிவிடுவதற்காக.

ஸேமிஷ் பெயர் வந்ததால் இன்னொரு ஜெர்மன் சொல்லையும் சொல்லாமல் விட முடியாது. ஸைட்நோட். ஸைட் என்றால் நேரம், நோட் என்றால் இக்கட்டு, அவதி. கடிகாரத்தில் சில நிமிடங்களோ நொடிகளோ மட்டும் இருக்க, இன்னும் பல நகர்த்தல்கள் பாக்கி இருக்கும் நிலை. ஸேமிஷ் இதற்குப் பேர்போனவர். நன்றாக ஆடிவிட்டு நேரத்தில் தோற்பது அவர் வாழ்நாள் வழக்கம். வயதாக ஆக அது முற்றி, 1969-ல் ஸ்வீடனின் லின்ஷோப்பிங்கில் நடந்த போட்டியில் ஆடிய 13 ஆட்டங்களையும் நேரம் முடிந்தே தோற்றார். ஸுக்ஸ்வாங்கில் நகர்த்தாமல் இருக்க ஆசை. ஸைட்நோட்டில் நகர்த்த ஆசை, நேரம் இல்லை. இரண்டுக்கும் உதாரணமாக ஒரே மனிதர் வாய்த்தது அவருக்குக் கெட்ட நேரம், நமக்குப் பாடம்.

ஸ்விஷன்ஸுக் என்ற சொல்லும் வகுப்பில் வரும். ஸ்விஷன் என்றால் இடையில். ஸுக் உங்களுக்கு ஏற்கனவே தெரியும். இடை நகர்த்தல். எதிராளி உங்கள் காயை அடிக்கிறார், நீங்கள் உடனே திருப்பி அடிப்பீர்கள் என்று எதிர்பார்க்கிறார். நீங்கள் அதைச் செய்யாமல் முதலில் ஒரு செக் வைக்கிறீர்கள். ராஜா மோசமான கட்டத்துக்கு நகர்ந்தபிறகு நிதானமாகத் திருப்பி அடிக்கிறீர்கள். இதையே இத்தாலியனில் இண்டர்மெட்ஸோ என்பார்கள். இதில் தவறும் இடம் ஒன்றுதான்: உங்கள் இடை நகர்த்தலுக்கு அவரும் ஒரு இடை நகர்த்தலால் பதில் சொல்லிவிட்டால் உங்கள் காய் போனது போனதுதான். அதனால் பெரும்பாலும் செக்காக இருந்தால் மட்டுமே நம்பலாம்.

ஏன் குறிப்பாக இந்த இரண்டு மொழிகள் என்பதற்குக் காலம்தான் காரணம். பதினாறு, பதினேழாம் நூற்றாண்டுகளில் இத்தாலியிலும் ஸ்பெயினிலும்தான் சிறந்த ஆட்டக்காரர்கள் இருந்தார்கள், ஓப்பனிங்குகளை எழுதிவைத்தவர்களும் அவர்கள். அதனால் ஆட்டத்தின் தொடக்கத்தில் இத்தாலியன் வாடை அதிகம். காம்பிட் அப்படி வந்ததுதான். காம்பா என்றால் கால். காம்பெட்டோ என்பது மல்யுத்தத்தில் எதிராளியின் காலை வாரிவிடும் வித்தை. 1561-ல் ரூய் லோபஸ் என்ற ஸ்பானியப் பாதிரியார் எழுதிய செஸ் நூலில் இந்தச் சொல் வருகிறது. ஒரு சிப்பாயைக் கொடுத்துத் தடுமாற வைப்பதற்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. இத்தாலியன் ஓப்பனிங்கில் ஜுவோக்கோ பியானோ என்றால் 'அமைதியான ஆட்டம்'. பியானிஸ்ஸிமோ என்று சேர்த்தால் 'மிக மிக அமைதியான ஆட்டம்'. பெயரை நம்பி அசந்து உட்கார்ந்தால் பிறகு வருத்தப்படுவீர்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கை ஜெர்மனுக்கு மாறியது. 1843-ல் பெர்லினில் வெளிவந்த பில்கெரின் கையேடு பல தலைமுறைக்கு ஐரோப்பா முழுக்க ஆட்டக்காரர்களின் ஆதார நூல். அப்புறம் டாரஷ், லாஸ்கர், நிம்ஸோவிச் எல்லோரும் ஜெர்மனில் எழுதினார்கள். அவர்கள் ஓப்பனிங்கோடு நிற்காமல் ஆட்டத்தின் நடுவிலும் முடிவிலும் வரும் நிலைகளுக்குப் பெயர் வைத்தார்கள். ஜெர்மனில் இரண்டு சொல்லை ஒட்டிப் புதுச் சொல் செய்வது சுலபம். ஸுக்ஸ்வாங் என்ற சொல் ஆங்கிலச் செஸ் எழுத்தில் புழங்கத் தொடங்கியது 1905 வாக்கில், லாஸ்கர் வழியாக. ஜெர்மனியிலோ இன்று அது செஸ்ஸைத் தாண்டிப் போய்விட்டது. எதிர்க்கட்சி ஏதோ செய்ததால் அரசு பதில் நடவடிக்கை எடுத்தே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால் 'அரசு ஸுக்ஸ்வாங்கில்' என்று செய்தியில் எழுதுவார்கள். ஆனால் அங்கே 'ஏதாவது செய்தாக வேண்டும்' என்ற அழுத்தம் மட்டும்தான் பொருள். எது செய்தாலும் நஷ்டம் என்ற செஸ் நுணுக்கம் தேய்ந்துவிட்டது.

கடைசியாக இரண்டு வசைச் சொற்கள், கிளப்பில் எப்படியும் காதில் விழும். பாட்ஸர் என்றால் சொதப்புபவர், ஜெர்மனில் சொதப்புவதைக் குறிக்கும் வினையிலிருந்து வந்தது. கிபிட்ஸர் என்றால் ஆடாமல் பக்கத்தில் நின்று "யானையை நகர்த்து, யானையை நகர்த்து" என்று யோசனை சொல்லிக்கொண்டே இருப்பவர். ஜெர்மனில் அந்த ஆளுக்குக் கீபிட்ஸ் என்று பெயர், யூதர்களின் இத்திஷ் மொழி வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. கீபிட்ஸ் ஒரு பறவையின் பெயரும்கூட. எந்தப் பறவை என்று பார்த்தால், நம் ஊர் வயல்வெளியில் ஆள் வந்தாலே கத்தி ஊரைக் கூட்டுமே, அந்த ஆள்காட்டிக் குருவியின் ஐரோப்பியச் சொந்தக்காரர்.